ஒற்றைச் செல் சொல்லாத திசை

குரங்கு ஒன்றின் மூளையில், கை அசைவுகளை ஆளும் மோட்டார் கார்டெக்ஸ் பகுதிக்குள் முடியைவிட மெல்லிய உலோகக் கம்பி இறங்கியிருக்கிறது. கம்பியின் முனை ஒரே ஒரு நரம்புச் செல்லின் அருகில் நிற்கிறது. அந்தச் செல் மின்துடிப்பு எழுப்பும்போதெல்லாம் ஆய்வகத்து ஒலிபெருக்கியில் 'டிக்' என்று ஒரு சத்தம். குரங்கு கையை நீட்டுகிறது. டிக் டிக் என்று சத்தம் நெருக்கமாகிறது. எண்ணிப் பார்த்தால் வினாடிக்கு 37 துடிப்புகள் என்ற வேகம். திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒருவர், குரங்கைப் பார்க்காமல், இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கை எந்தப் பக்கம் போனது என்று சொல்ல முடியுமா?

முடியாது. எத்தனை துல்லியமான கருவி இருந்தாலும் முடியாது. ஆனால் இதே குரங்கின் இன்னும் சில நூறு செல்களின் எண்களைக் கொடுத்தால், கை போன திசையை ஓரளவு நெருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்தச் செல்களில் ஒன்றுகூடத் தனியாகத் திசையைச் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

துடிப்புகளை எண்ணும் பழக்கம் 1926-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கியது. எட்கர் ஏட்ரியன் என்ற உடலியலாளரும், சுவீடனிலிருந்து வந்திருந்த இங்வே ஸாட்டர்மனும் தவளையின் சிறு தசை ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். தசை இழுபடுவதை உணரும் நுண்ணுறுப்புகள் அதற்குள் இருக்கின்றன. ஒரே ஒரு நுண்ணுறுப்பு மிஞ்சும்வரை தசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிவிட்டு, அதிலிருந்து வரும் நரம்பிழையின் மின்சைகையை வால்வு பெருக்கியில் பெருக்கிப் பதிவு செய்தார்கள். பிறகு தசையில் சின்னச் சின்ன எடைகளைத் தொங்கவிட்டார்கள். எடை கூடியபோது துடிப்பின் உயரம் கூடவில்லை. ஒவ்வொரு துடிப்பும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. கூடியது துடிப்புகளின் எண்ணிக்கைதான்: எடை ஏற ஏற, ஒரு வினாடிக்குள் வரும் துடிப்புகள் அதிகமாயின.

நரம்பு மண்டலத்தில் 'எவ்வளவு' என்ற கேள்விக்கான விடை துடிப்பின் வேகத்தில் இருக்கிறது என்ற இந்தக் கருத்தைத்தான் வேகக் குறிமுறை என்கிறார்கள். ஏட்ரியனுக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. தொடுதல், அழுத்தம், தசை இழுவிசை போன்றவற்றுக்கு இந்தக் குறிமுறை கச்சிதமாகப் பொருந்தும். எடை என்பது குறைவிலிருந்து கூடுதலுக்குப் போகும் நேர்கோடு. துடிப்பு வேகமும் அப்படித்தான். ஒன்றை இன்னொன்றின் மேல் நேராக வைத்துவிடலாம்.

திசை அப்படிப்பட்டது அல்ல. அது வட்டம். வலம், மேல், இடம், கீழ் என்று சுற்றி வந்தால் மறுபடி வலத்திலேயே வந்து நிற்கும். ஒரு செல்லின் வேகம் பூஜ்யத்திலிருந்து ஏறி உச்சத்துக்குப் போய்த் திரும்ப இறங்கத்தான் முடியும். ஏறும்போது கடந்த ஒவ்வொரு எண்ணையும் இறங்கும்போதும் கடந்தாக வேண்டும். அதனால் எந்த எண்ணும், உச்சமும் அடியும் தவிர, குறைந்தது இரண்டு திசைகளுக்குப் பொதுவாகிவிடுகிறது.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிரேக்க நாட்டவர் அப்போஸ்தலோஸ் ஜியார்ஜோபுலோஸ். அவருக்கு முன்னால் மோட்டார் கார்டெக்ஸில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ஒரே மூட்டை, முன்னும் பின்னுமாக அசையவிட்டுத்தான் பதிவு செய்தார்கள். எட்வர்ட் எவார்ட்ஸ் 1968-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில்கூடக் குரங்கு மணிக்கட்டை மடக்கும், நீட்டும், அவ்வளவுதான். அதில் திசை என்பதே இரண்டுதான். ஜியார்ஜோபுலோஸ் கையை விடுவித்தார். தட்டையான மேசைப் பரப்பில் நகரும் கைப்பிடி. நடுவில் ஒரு விளக்கு. அதைச் சுற்றி வட்டமாக 45 பாகை இடைவெளியில் எட்டு விளக்குகள். நடு விளக்கில் கைப்பிடியை வைத்துக் காத்திருக்கும் குரங்கு, எந்த விளக்கு எரிகிறதோ அதற்கு நகர்த்த வேண்டும். புறப்படும் இடமும் தூரமும் எப்போதும் ஒன்றே. மாறுவது திசை மட்டும்.

1982-இல் அவரும் கலாஸ்கா, கமினிட்டி, மாஸி ஆகியோரும் வெளியிட்ட கட்டுரையில், இந்த வேலையின்போது சுறுசுறுப்பாக இருந்த 323 செல்களை விரிவாக ஆராய்ந்தார்கள். அவற்றில் 241 செல்கள், அதாவது நான்கில் மூன்று பங்கு, ஒரே ஒழுங்கில் நடந்துகொண்டன. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு விருப்பத் திசை இருந்தது. கை அந்தத் திசையில் போகும்போது துடிப்பு வேகம் உச்சத்தில் இருக்கும். திசை விலக விலக வேகம் படிப்படியாகக் குறைந்து, நேர் எதிர்த் திசையில் அடிமட்டத்துக்கு வரும். வரைபடத்தில் போட்டால் பள்ளிக் கணக்கில் வரும் கொசைன் வளைவு.

அந்த வளைவின் அகலம்தான் பலரையும் திகைக்க வைத்தது. 'வலப்புறச் செல்' வலப்புறத்துக்கு மட்டும் துடித்துவிட்டு மற்ற நேரத்தில் சும்மா இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அது ஏறக்குறைய எல்லாத் திசைகளுக்கும் ஏதோ ஓர் அளவில் துடித்துக்கொண்டேயிருக்கிறது. கை எந்தப் பக்கம் போனாலும் மோட்டார் கார்டெக்ஸின் அந்தப் பகுதி முழுவதும் பரபரப்பாக இருக்கிறது. இவ்வளவு மழுப்பலான செல்களை வைத்துக்கொண்டு குரங்கு எப்படி விளக்கைத் தவறாமல் தொடுகிறது?

சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் விடை தெளியும். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. நான்கு செல்கள் மட்டும் இருக்கின்றன. அவற்றின் விருப்பத் திசைகள் வலம், மேல், இடம், கீழ். ஒவ்வொன்றும் விருப்பத் திசையில் வினாடிக்கு 40 துடிப்புகள், செங்குத்துத் திசையில் 20, எதிர்த் திசையில் பூஜ்யம். கை இப்போது வலப்புறத்திலிருந்து 30 பாகை மேல்நோக்கிப் போகிறது. கொசைன் கணக்குப்படி வலச் செல் 37, மேல் செல் 30, இடச் செல் 3, கீழ்ச் செல் 10 என்று துடிக்கும். வலச் செல்லின் 37-ஐ மட்டும் பார்த்தால், கை 30 பாகை மேலே போகிறதா, 30 பாகை கீழே போகிறதா என்று தெரியாது. கட்டுரையின் தொடக்கத்தில் ஒலிபெருக்கியில் கேட்ட எண் இதுதான்.

ஜியார்ஜோபுலோஸின் யோசனை எளியது. ஒவ்வொரு செல்லும் தன் விருப்பத் திசையில் ஒரு கயிற்றைப் பிடித்து இழுப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். சராசரியான 20-ஐவிட எவ்வளவு அதிகம் துடிக்கிறதோ அவ்வளவு பலமாக இழுக்கும். குறைவாகத் துடித்தால் எதிர்ப்பக்கம் தள்ளும். வலச் செல் 17 அளவு வலப்புறம் இழுக்கிறது. இடச் செல் சராசரிக்கு 17 குறைவு. ஆகவே அதுவும் வலப்புறமே தள்ளுகிறது. மொத்தம் வலப்புறம் 34. மேல் செல்லின் 10-ம் கீழ்ச் செல்லின் 10-ம் சேர்ந்து மேல்நோக்கி 20. வலம் 34, மேல் 20 என்ற இரண்டையும் கூட்டினால் கிடைக்கும் அம்பு ஏறக்குறைய 30 பாகையில் நிற்கும். கை போன திசை அதுவே. இப்படிக் கூட்டிப் பெறும் அம்புக்குக் கூட்டுத் திசையன் என்று பெயர். தகவல் எந்தச் செல்லிலும் இல்லாமல் செல்களின் கூட்டத்தில் பரவியிருக்கும் இந்த முறைக்குக் கூட்டுக் குறிமுறை என்று பெயர்.

1986-இல் ஜியார்ஜோபுலோஸ், ஆண்ட்ரூ ஷ்வார்ட்ஸ், ரொனால்ட் கெட்னர் மூவரும் மேசைப் பரப்பை விட்டுவிட்டு வெட்டவெளிக்கு வந்தார்கள். குரங்கு இப்போது கனசதுரத்தின் எட்டு மூலைகளை நோக்கிக் கையை நீட்டியது. 224 செல்களிலிருந்து கிடைத்த கூட்டுத் திசையன், முப்பரிமாணத்திலும் கை போன திசையை நெருங்கி நின்றது.

வேகக் குறிமுறையையும் கூட்டுக் குறிமுறையையும் எதிரெதிர் அணிகளாக நிறுத்திப் பேசும் வழக்கம் பாடநூல்களில் உண்டு. அந்தச் சண்டை பாதிக்கு மேல் பொய். மேலே பார்த்த கணக்கில் கூட்டப்பட்டவை எல்லாமே துடிப்பு வேகங்கள்தான். வேகம் என்பது ஒரு செல் பேசும் விதம். கூட்டம் என்பது அந்தப் பேச்சுகளைச் சேர்த்துக் கேட்கும் விதம். துடிப்பின் எண்ணிக்கைக்கு உண்மையான போட்டி, துடிப்பு எந்த மில்லிவினாடியில் வந்தது என்பதில் தகவல் இருக்கிறது என்ற நேரக் குறிமுறைதான். அது தனிக் கதை.

ஆனாலும் ஒரு செல்லின் வேகத்தை மட்டும் நம்புவதில் இன்னொரு பெரிய ஆபத்து இருக்கிறது. ஒரே அசைவைப் பத்து முறை செய்தால், ஒரு செல் பத்து முறையும் ஒரே எண்ணிக்கையில் துடிப்பதில்லை. கையை நீட்டும் வேலை முடிய ஒரு வினாடிகூட ஆகாது. ஐந்தில் ஒரு வினாடியில், வினாடிக்கு 20 என்ற வேகத்தில் துடிக்கும் செல் சராசரியாக நான்கு முறைதான் துடிக்கும். கார்டெக்ஸ் செல்களின் வழக்கமான தடுமாற்றத்தைப் பார்த்தால், அது ஒரு முறை இரண்டாகவும் அடுத்த முறை ஆறாகவும் இருப்பது சர்வசாதாரணம். இதை வைத்துக்கொண்டு நுட்பமாக என்ன சொல்ல முடியும்?

அதே நான்கு செல்களுக்குக் கொஞ்சம் தடுமாற்றம் கொடுத்துப் பார்க்கலாம். வலம் 37-க்குப் பதில் 33, மேல் 30-க்குப் பதில் 34, இடம் 5, கீழ் 8. கூட்டினால் வலப்புறம் 28, மேல்நோக்கி 26. அம்பு 43 பாகைக்கு நகர்ந்துவிடுகிறது. நான்கு செல்களின் கூட்டம் 13 பாகை தவறிழைக்கிறது. செல்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் இந்தத் தவறு குறையும். ஒவ்வொரு செல்லும் தன்னிச்சையாகத் தடுமாறினால், நூறு செல்களின் சராசரியில் தடுமாற்றம் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பது புள்ளியியலின் பழைய கணக்கு. நான்கில் ஒன்று செத்துப்போனால் அம்பு 20 பாகை கோணிவிடும். நானூற்றில் ஒன்று செத்தால் யாருக்கும் தெரியாது.

அப்படியானால் கோடிக்கணக்கில் செல்களைச் சேர்த்துத் தவறைப் பூஜ்யமாக்கிவிடலாமே? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் செல்கள் தன்னிச்சையாகத் தடுமாறுவதில்லை. அவற்றுக்கு உள்ளீடு தரும் செல்கள் பல பொதுவானவை. அதனால் ஒன்று கூடுதலாகத் துடிக்கும்போது பக்கத்துச் செல்லும் கொஞ்சம் கூடுதலாகத் துடிக்கிறது. 1994-இல் ஸோஹரி, ஷாட்லன், நியூசம் ஆகிய மூவரும், காட்சி நகரும் திசையை அறியும் எம்டி என்ற பகுதியில் இந்த ஒட்டுறவை அளந்தார்கள். சராசரியாக 0.12 வந்தது. பார்வைக்கு மிகச் சிறிய எண். ஆனால் ஒரே மாதிரியான செல்களைச் சராசரி எடுக்கும்போது அதன் விளைவு பெரிது: நூறு செல்களைச் சேர்த்ததும் தடுமாற்றம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இறங்குகிறது, அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் செல்களைச் சேர்த்தாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. எல்லோரும் ஒரே தவறைச் செய்தால், கூட்டம் பெரிதாவதால் பயனில்லை.

எதிர்த் திசைச் செல்களும் கூட்டத்தில் இருந்தால் நிலைமை மாறும். மறுபடி நான்கு செல்களுக்குத் திரும்பலாம். குரங்கு கொஞ்சம் அதிக விழிப்போடு இருப்பதால் நான்குமே 5 துடிப்புகள் கூடுதலாகத் துடிக்கின்றன என்று வைத்துக்கொண்டால், எண்கள் 42, 35, 8, 15 ஆகும். வலப்புறம் 22 இழுவை; இடச் செல் சராசரிக்கு 12 குறைவு; மொத்தம் 34. மேல்நோக்கி 15-ம் 5-ம் சேர்ந்து 20. அம்பு அசையவே இல்லை! எல்லாச் செல்களுக்கும் பொதுவான தடுமாற்றம், எதிரெதிர்ச் செல்களைக் கழிக்கும்போது தானாகவே அழிந்துபோகிறது. ஆகவே ஒட்டுறவு எப்போதும் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. வலப்புறம் பார்த்த செல்கள் மட்டும் சேர்ந்து ஏறுகிற வகைத் தடுமாற்றம்தான் ஆபத்து. அது உண்மையான திசை மாற்றம் போலவே வேஷம் போடும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆய்வாளர்கள் கம்ப்யூட்டரில் போட்ட கூட்டல். மூளையும் இப்படிக் கூட்டுகிறதா? அல்லது கூட்டத்தில் அதிகமாகத் துடிக்கும் ஒரே ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து அதன் சொல்படி நடக்கிறதா? இரண்டுமே குரங்கின் கையைச் சரியான விளக்கில் கொண்டு சேர்க்கும். பதிவு செய்துகொண்டே இருந்தால் இந்தச் சந்தேகம் தீராது. ஏதாவது ஒன்றைக் கெடுத்துப் பார்க்க வேண்டும்.

அதைச் செய்து காட்டியவர்கள் சூங்கில் லீ, வில்லியம் ரோரர், டேவிட் ஸ்பார்க்ஸ். ஆண்டு 1988, களம் கை அல்ல, கண். நடுமூளையின் கூரையில் சுப்பீரியர் காலிகுலஸ் என்ற சின்ன மேடு இருக்கிறது. கண் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குச் சட்டென்று தாவுவதை அதுதான் வழிநடத்துகிறது. அதன் பரப்பு ஒரு வரைபடம் போன்றது: ஓரிடத்துச் செல்கள் சிறு தாவலுக்கு, இன்னோரிடத்துச் செல்கள் பெரும் தாவலுக்கு, மேல்நோக்கிய தாவலுக்கு ஒரு பக்கம், கீழ்நோக்கியதற்கு மறுபக்கம். ஒவ்வொரு தாவலின்போதும் ஒரு புள்ளி மட்டுமல்ல, அதைச் சுற்றிப் பெரிய வட்டமாகச் செல்கள் துடிக்கின்றன.

பல் மருத்துவர் ஈறு மரத்துப்போகப் போடும் லிடோகெய்ன் மருந்தைத்தான் அவர்கள் கையில் எடுத்தார்கள். மேட்டின் ஒரு புள்ளியில் அதைத் துளியளவு செலுத்தினால், அங்குள்ள செல்கள் சிறிது நேரம் மௌனமாகிவிடும். கண் எந்தத் தாவலைச் செய்யும்போது அந்தப் புள்ளி வட்டத்தின் நடுமையமாக இருக்குமோ, அதே தாவலைக் குரங்கைச் செய்ய வைத்தார்கள். அதிகமாகத் துடிக்கும் செல்லின் சொல்படிதான் மூளை நடக்கிறது என்றால், அந்தச் செல்களே வாயடைத்துப் போனபின் கண் இலக்கைத் தவறவிட வேண்டும். தவறவிடவில்லை. கண் சரியான இடத்திலேயே போய் நின்றது. தாவல் மட்டும் மெதுவாக இருந்தது. நடுவை எடுத்துவிட்டாலும் சுற்றியுள்ள செல்களின் சராசரி அதே புள்ளியில்தானே விழும்.

மௌனமான புள்ளிக்குச் சற்றுத் தள்ளிய இலக்குகளைக் கொடுத்ததும் பிழைகள் தொடங்கின. மௌனமான செல்கள் வலப்புறத்தவை என்றால் கண் இடப்புறம் கோணியது; மேல்நோக்கியவை என்றால் கீழே இறங்கியது. எப்போதும் மௌனமான செல்களிடமிருந்து விலகியே போனது. ஒரு பக்கத்து இழுவை இல்லாமல் போனால் கூட்டுத்தொகை மறுபக்கம் சாயும் என்ற கணக்கை அந்தக் கண்கள் அப்படியே நிறைவேற்றிக் காட்டின. எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஜியார்ஜோபுலோஸின் அம்புகளைத்தான். கூட்டுக் குறிமுறைக்கு அவற்றைவிட உறுதியான சாட்சி இந்த லிடோகெய்ன் சோதனையே.

ஜியார்ஜோபுலோஸின் அம்பு பிறகு இன்னும் துணிச்சலான ஒரு வேலைக்குப் போனது. 1989-இல் அவரும் சகாக்களும் ஒரு குரங்குக்குக் குறுக்கு விதி ஒன்றைக் கற்பித்தார்கள். விளக்கு மங்கலாக எரிந்தால் அதை நோக்கியே கையை நகர்த்த வேண்டும். பிரகாசமாக எரிந்தால், அதிலிருந்து கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் 90 பாகை தள்ளி நகர்த்த வேண்டும். விளக்கு எரிந்ததற்கும் கை அசைந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தில், கூட்டுத் திசையனைச் சில மில்லிவினாடிகளுக்கு ஒரு முறை கணக்கிட்டார்கள். அம்பு முதலில் விளக்கைக் காட்டியது. பிறகு சிறுகச் சிறுகத் திரும்பி, ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடியில், கை போக வேண்டிய திசையில் வந்து நின்றது. குரங்கு மனத்துக்குள் திசையைச் சுழற்றுவதை வெளியிலிருந்து பார்த்துவிட்டார்கள் என்று அன்று வியந்தார்கள்.

பார்த்தது சுழற்சிதானா? பத்தாண்டுகளுக்குப் பிறகு பால் சிசெக்கும் ஸ்டீபன் ஸ்காட்டும் கை தூக்கினார்கள். விளக்கின் திசையைப் பிடிக்கும் ஒரு குழு மெல்ல அடங்க, கையின் திசையைப் பிடிக்கும் இன்னொரு குழு மெல்ல எழுந்தாலும், இரண்டின் கூட்டுத்தொகை சுழல்வது போலத்தான் தெரியும் என்று அவர்கள் காட்டினார்கள். நடுவிலுள்ள திசைகளை எந்தச் செல்லும் நினைக்காமலேயே அம்பு அவற்றைக் கடந்து போகலாம். கூட்டுத் திசையன் ஒரு சுருக்கம். எத்தனையோ விதமான கூட்டங்கள் ஒரே அம்பைத் தரும். இந்த முறையைப் பயன்படுத்துவோர் அடிக்கடி மறப்பது இதைத்தான்.

இன்னொரு குறை அதன் நேர்மை பற்றியது. விருப்பத் திசைகள் வட்டம் முழுவதும் சமமாகப் பரவியிருந்தால்தான் அம்பு நேராக நிற்கும். நான்கு செல்களில் வலச் செல்லுக்கு ஓர் இரட்டை இருந்தால், வலப்புற இழுவை 34-லிருந்து 51 ஆகி, 30 பாகை 21 ஆகிவிடும். இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு செல்லுக்கும் அதன் விருப்பத் திசையை அப்படியே கொடுக்காமல், கூட்டத்திலுள்ள மற்றவர்களைப் பார்த்துத் திருத்திய திசையைக் கொடுக்கும் கணக்குமுறைகள் பின்னர் வந்தன.

இவற்றையெல்லாம்விட ஆழமான கேள்வி ஒன்று 1980-களிலேயே எழுந்துவிட்டது. செல்கள் உண்மையில் திசையைத்தான் சொல்கின்றனவா? கை வலப்புறம் போகும்போது சில தசைகள் அதிகம் சுருங்கும், இடப்புறம் போகும்போது வேறு சில. செல் தசைக்குக் கட்டளை கொடுப்பதாக இருந்தாலும், அதன் வரைபடம் கொசைன் வளைவு போலவே தெரியும். சாண்ட்ரோ முஸ்ஸா-இவால்டி 1988-இல் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார். 1997-இல் ஸ்காட்டும் கலாஸ்காவும் குரங்கின் முழங்கையை உயர்த்தி வைத்து அதே விளக்குகளுக்குக் கையை நகர்த்த வைத்தார்கள். உள்ளங்கை போன பாதை மாறவில்லை. ஆனால் பல செல்களின் துடிப்பும் விருப்பத் திசையும் மாறின. வெறும் திசையைச் சொல்லும் செல் முழங்கையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

1999-இல் ஷின்ஜி ககே, டோனா ஹாஃப்மன், பீட்டர் ஸ்ட்ரிக் மூவரும் மணிக்கட்டை வைத்து இதைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி, பக்கவாட்டில், கீழே பார்க்கும்படி என்று மூன்று நிலைகளில் கையை வைத்து, ஒரே திசைக்கு மணிக்கட்டை அசைக்கச் சொன்னார்கள். கை திரும்பும்போது தசைகளின் வேலை மாறிவிடும். வெளியுலகத் திசை மாறாது. ஆராய்ந்த செல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தசைகளைப் போல மாறின. ஏறக்குறைய பாதி, கை எப்படித் திரும்பினாலும் வெளித் திசையையே பிடித்துக்கொண்டன. ஆக, இரு தரப்பும் பாதி சரி. அந்தக் கூட்டத்தில் இரண்டு பேச்சும் கலந்தே ஓடுகின்றன.

அந்தக் கலப்பு தீரும்வரை மருத்துவர்கள் காத்திருக்கவில்லை. 2012-இல் அமெரிக்காவின் பிரெயின்கேட் ஆய்வில், பக்கவாதத்தால் கைகால் அசைக்க முடியாமல் ஏறக்குறைய 15 ஆண்டுகளாக இருந்த ஒரு பெண்மணி, நினைப்பால் ரோபோ கையை இயக்கிக் காபிப் பாத்திரத்தை எடுத்து உறிஞ்சிக் குடித்தார். அவர் மோட்டார் கார்டெக்ஸில் 4 மில்லிமீட்டர் சதுரத்தில் 96 மின்முனைகள் பதிந்திருந்தன. அவற்றைப் படித்த கணக்குமுறை கூட்டுத் திசையனின் அடுத்த தலைமுறை: அதிகம் தடுமாறும் செல்லுக்குக் குறைந்த மதிப்புக் கொடுத்து, சற்று முன்பு கை எப்படி நகர்ந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளும் கால்மன் வடிகட்டி. கோடிக்கணக்கான செல்களில் சில டஜன்களைக் கேட்டே இது நடந்தது. அகன்ற வளைவுகளின் புண்ணியம் அது. செல்கள் தங்கள் திசைக்கு மட்டும் துடிப்பவையாக இருந்திருந்தால், 96 முனைகளில் பெரும்பாலானவை பெரும்பாலான நேரம் மௌனமாகவே இருந்திருக்கும்.

இந்தக் கருவிகளின் அன்றாடத் தொல்லை வேறு. மூளை மெல்ல அசைகிறது. மின்முனையின் அருகில் நேற்று இருந்த செல் இன்று சற்று விலகிவிடுகிறது. அதனால் விருப்பத் திசைகளின் பட்டியலையே அடிக்கடி புதிதாகத் தயாரிக்க வேண்டியிருக்கிறது. நோயாளி திரையில் நகரும் புள்ளியைப் பின்தொடர்வதாகக் கற்பனை செய்ய, கம்ப்யூட்டர் அன்றைய செல்களைப் புதிதாகப் பாடம் படிக்கும். இதற்கு மாற்றாக, 2020-இல் வான் கலேகோவும் லீ மில்லரும் சகாக்களும் குரங்குகளில் வேறொரு வழியைச் சோதித்தார்கள். தனித்தனிச் செல்களைப் பார்க்காமல், எல்லாச் செல்களும் சேர்ந்து ஏறி இறங்கும் சில பொதுப் போக்குகளை மட்டும் பிரித்தெடுத்து, பழைய நாளின் போக்குகளோடு பொருத்திப் பார்த்தார்கள். மின்முனைகள் கேட்ட செல்கள் பல மாறிப்போயிருந்தும், பொருத்தியபின் பொதுப் போக்குகள் இரண்டு ஆண்டுகள் வரைகூட ஒத்துப்போயின. பழைய நாளில் பயிற்றுவித்த கணக்குமுறையாலேயே புதிய நாளின் கையசைவைப் படிக்க முடிந்தது.